சீல் உடையாத பெட்டி

நம் ஜனங்களுக்கு ஒரு காகிதத்தின் மேல் மரியாதை வந்துவிட்டால் போதும், அதை லேமினேட் பண்ணாமல் தூக்கம் வராது. ரேஷன் கார்டு, ஜாதகம், பிள்ளையின் மார்க் ஷீட் என்று எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் சட்டை போட்டுப் பீரோவில் வைத்துவிடுவோம். தங்கராஜும் அப்படித்தான் செய்தான். விழுப்புரத்தில் புதுப் பெட்டி வாங்கிய அன்றைக்கே, செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வாரண்டி கார்டைக் கொடுத்து, நான்கு ஓரமும் அழுத்தமாக ஒட்டச் சொல்லி வாங்கி வந்தான். கார்டின் அடியில் புள்ளி போட்ட கோட்டுக்குக் கீழே மூன்று சின்னச் சீட்டுகள் இருந்தன. அவையும் சேர்ந்து உள்ளே போய்விட்டன.

பெட்டி என்றால் பிணப்பெட்டி. செத்தவர்களைச் சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை குளிரில் வைத்திருக்கும் ஃப்ரீசர் பாக்ஸ். லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், மனைவி ஜெயக்கொடியின் நகையை அடகு வைத்து இதை வாங்கினான். துக்க வீட்டுத் தொழில் என்று ஜெயக்கொடிக்கு முதலில் அருவருப்புதான். "நாலு பேருக்கு கடைசியா மொகம் காட்டற வேலடி இது" என்று சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தான். அந்தப் பேச்சை அவன் உண்மையாகவே நம்பினான், பாவம்.

பெட்டி விற்ற கடையில் ஜெயசுதா என்கிற பெண் கார்டை விரித்துப் பத்து நிமிஷம் விளக்கினாள். "அண்ணே, நல்லா கேட்டுக்குங்க. பெட்டிக்கு ஒரு வருஷம், கம்ப்ரசருக்கு மூணு வருஷம். பில்லும் கார்டும் ரெண்டும் இருக்கணும். சீரியல் நம்பர் ஸ்டிக்கரு கிழியக் கூடாது. ஸ்டெபிலைசர் இல்லாம போடக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஃப்ரீ சர்வீஸு, மூணு கூப்பன் இருக்குது, ஆள் வந்தா கிழிச்சிக் குடுங்க. கால்மாட்டுல காத்து போற எடம் அடைக்கக் கூடாது, தூசி தட்டிக்கினே இருங்க. ரிப்பேர்னா இந்த நம்பருக்கு போன் பண்ணா கம்ப்ளைண்ட் நம்பர் குடுப்பாங்க, ஆள் வருவாங்க. வெளி ஆள் கைய வெச்சி சீல் உடைஞ்சிதுன்னா வாரண்டி கேன்சல்."

இத்தனையும் அவள் ஒரே மூச்சில், சளைக்காமல் சொன்னாள். தங்கராஜின் காதில் தங்கியது கடைசி வார்த்தை மட்டும்தான். அதற்குக் காரணம் உண்டு. அவன் கூட்டாளி அரங்கநாதன் வீட்டு இன்வெர்ட்டர் ஒரு மழைநாளில் நின்றுபோக, பக்கத்துத் தெரு ஆள் திறந்து பார்த்தான். பிறகு கம்பெனிக்காரன் வந்து உடைந்த சீலைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கையை விரித்துவிட்டுப் போய்விட்டான். அரங்கநாதன் அந்தக் கதையை டீக்கடையில் நூறு முறை சொல்லியிருப்பான். ஆகவே தங்கராஜுக்கு வாரண்டி என்றாலே சீல்தான்.

சீல் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவன் பார்க்கவில்லை. கால்மாட்டுப் பக்கம், கீழே, ஒரு கம்பித் தட்டி இருந்தது. இரண்டு பக்கமும் கையால் திருகுகிற திருகு. அதற்குப் பின்னால்தான் மிஷின் என்று தெரியும், அவ்வளவுதான். ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தபோது, எவன் கையும் அங்கே போகக் கூடாது என்று இரண்டு திருகையும் சேர்த்து மஞ்சள் கயிறு கட்டி முடிச்சுப் போட்டான். கம்பெனி மூன்றாம் மாதம் போன் பண்ணி, "சர்வீசுக்கு ஆள் அனுப்பட்டுமா சார்" என்று கேட்டது. "நல்லா ஓடுதும்மா, வேணாம்" என்றான். ஆறாம் மாதமும் அதே பதில். நன்றாக ஓடுகிற மிஷினைக் கழற்றினால்தான் கெட்டுப்போகும் என்பது அவன் கட்சி. ஒன்பதாம் மாதம் போன் வந்தபோது எடுக்கவே இல்லை.

பத்தாம் மாதம், சித்திரை வெயிலில், ராஜாம்பாள் செத்துப்போனாள்.

ராஜாம்பாள், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆன கோதண்டராமனின் மனைவி. ஒரே மகள் சுமலதா மஸ்கட்டில் நர்ஸ். நாலு வருஷமாய் ஊருக்கு வரவில்லை. அடுத்த மாதம் லீவு என்று டிக்கெட்டுக் கூடப் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூக்கட்டிக்கொண்டே ராஜாம்பாள் சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் எடுத்து வருவதற்குள் மூச்சு இல்லை.

உச்சி வெயிலில் தங்கராஜ் பெட்டியோடு போனபோது கோதண்டராமன் வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். காலில் சூடு உறைக்கவில்லை போலிருக்கிறது.

"தம்பி, பாப்பாக்கு செவ்வாக்கெழம சாயந்தரம்தான் வந்து சேர முடியுமாம். அதுக்கு முன்ன டிக்கெட் கெடைக்கல. தாங்குமா?"

"தாராளமா தாங்கும்ங்கய்யா. போன மாசம் மூணு நாள் வெச்சிருந்தோம். தூங்கற மாதிரியே இருப்பாங்க, பாருங்க."

"அவ மொகம் பாக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு." அதைச் சொல்லும்போது அவர் தங்கராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கை, விடவே இல்லை.

"நானாச்சிங்கய்யா" என்றான் தங்கராஜ்.

ஞாயிறு தாங்கியது. திங்களும் தாங்கியது. பெட்டியின் தலைமாட்டில் சிவப்பாய் ஒளிர்ந்த சூட்டு எண் மூன்று டிகிரி என்று காட்டிக்கொண்டே இருந்தது. ராஜாம்பாள் நிஜமாகவே தூங்குகிற மாதிரிதான் இருந்தாள். ஜனம் வந்துகொண்டே இருந்தது. ரிட்டையர் ஆன கண்டக்டர்கள், டிரைவர்கள், தெருப் பெண்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாலை. கண்ணாடி மூடியின் மேல் முகத்தை மறைக்கக் கூடாது என்று எல்லா மாலையும் கால்மாட்டுக்குத்தான் போயிற்று. சாமந்தியும் ரோஜாவும் சரிந்து தரையில் விழ, அதன் மேல் இன்னும் மாலை. பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதபோது இதழ்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தங்கராஜ் வந்து பார்த்தபோது எண் பதினேழு என்று காட்டியது. கண்ணாடியின் உள்ளே வியர்த்திருந்தது. விடியற்காலையில் கோதண்டராமன் பார்த்தபோது மூன்றுதான் இருந்ததாம். ஸ்டெபிலைசரைப் பார்த்தான், பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். மிஷின் டக்கென்று எடுத்தது, ஒரு நிமிஷம் முனகிவிட்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டக், மறுபடி முனகல், மறுபடி சும்மா.

கார்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டான். ஒரு பெண் குரல், சீரியல் நம்பர் கேட்டது, வாங்கின தேதி கேட்டது, கார்டையும் பில்லையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னது. எல்லாம் செய்தான். கம்ப்ளைண்ட் நம்பர் வந்தது.

"டெக்னீஷியன் நாளைக்கு காலைல வருவாரு சார்."

"நாளைக்காம்மா? உள்ள ஆள் இருக்காங்கம்மா. இன்னிக்கு சாயந்தரம் பொண்ணு வருது."

"புரியுது சார். எங்க ஆளு கடலூர்ல இருக்காரு. சீக்கிரம் வரச் சொல்லி எழுதிடறேன். அதுவரைக்கும் வெளி ஆளை வெச்சி சீல் எதையும் பிரிக்காதீங்க. பிரிச்சா வாரண்டி போயிடும்."

அந்தப் பெண் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தாள். கால்மாட்டுத் தட்டியைத் திறக்கலாமா என்று தங்கராஜ் கேட்டிருந்தால் அதற்கும் பதில் சொல்லியிருப்பாள். கேட்கத் தெரிய வேண்டுமே.

கோதண்டராமன் அதற்குள் ஆள் அனுப்பி ஜகபர் அலியைக் கூட்டி வந்துவிட்டார். இருபது வருஷமாய்ச் செஞ்சியில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். வந்தவர் செருப்பை வெளியே விட்டு, இறந்தவளைப் பார்த்து ஒரு கணம் தலை குனிந்து நின்றுவிட்டு, கால்மாட்டு மாலைகளை ஒதுக்கிக் கம்பித் தட்டியில் உள்ளங்கையை வைத்தார்.

"கொதிக்குதே. காத்தே வரல. தங்கராஜி, இத தொறக்கறேன்."

"வேணாம் பாய்."

"இன்னாது வேணாம்?"

"சீல் உடையும் பாய். கம்பெனில இப்பதான் சொன்னாங்க. வாரண்டி போயிடும்."

"இது வெறும் தட்டிப்பா. உள்ள இன்னான்னு பாத்தாதான தெரியும். பத்து நிமிஷம் குடு."

"உனக்கு கம்பெனி மிஷின் தெரியாது பாய். அரங்கநாதனுக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிடும். கம்ப்ரசர் போச்சுன்னா நான் எங்க போவேன்? பொண்டாட்டி நகைய வெச்சி வாங்குனது."

ஜகபர் அலி மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். அடுத்தவன் பொருளில் அவன் வேண்டாம் என்று சொன்னபிறகு கை வைக்கிற ஆள் இல்லை அவர். கோதண்டராமனைப் பார்த்தார். கோதண்டராமனுக்கு என்ன தெரியும்? "அவருக்குத் தெரியாததா பாய், அவர் பெட்டி" என்றார் அந்த மனுஷன். நம்பிக்கைதான், வேறென்ன. அந்த ஒரு வார்த்தை தங்கராஜை ஆயுசுக்கும் விடப்போவதில்லை.

"அப்ப ஐஸ் பாரு எடுத்தாங்க. சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு ஜகபர் அலி எழுந்தார்.

மீன் கடைக்கு ஐஸ் போடும் இடத்திலிருந்து பார் பாராய் ஐஸ் வந்தது. சாக்குப் பையில் போட்டு உடைத்து உள்ளே இரண்டு பக்கமும் அடுக்கினார்கள். சித்திரை வெயிலில் செஞ்சி எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் கல் மலை, பாறை காய்ந்து ஊருக்குள் அனலைத் தள்ளும். பதினொரு மணிக்கே பெட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடியது. தங்கராஜ் நான்கு தடவை ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஐஸுக்கு ஓடினான். சட்டை பிழிய நனைந்து, கை விரைத்து, ஓடிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் வந்து முதலில் எண்ணைப் பார்ப்பான். பத்தொன்பது. இருபத்திரண்டு. இருபத்தாறு.

இரண்டு மணிக்கு மேல் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பெட்டியை விட்டுத் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். ஊதுவத்தியை மட்டும் கட்டுக்கட்டாய்க் கொளுத்தினார்கள். ராஜாம்பாளின் முகம் அவள் முகமாக இல்லை. கோதண்டராமன் ஒரு தரம் குனிந்து பார்த்தார், பிறகு உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து மகள் போன தீபாவளிக்கு அனுப்பிய பட்டுப் புடவையை எடுத்து வந்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, முகத்தின் மேல் அதை அவரே மடித்துப் போர்த்தினார்.

பங்காளிகள் எடுத்துவிடலாம் என்றார்கள். "பாப்பா வரட்டும்" என்றார்.

அன்று பார்த்து அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் திண்டிவனம் ரோட்டை அடைத்துக்கொண்டு நகர்ந்தன. நாலரைக்கு வரவேண்டிய கார் ஐந்தேமுக்காலுக்குத்தான் தெருவில் திரும்பியது.

சுமலதா கார் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். நேராக வந்தாள். மூடியைத் தூக்கிப் பட்டுப் புடவையில் கை வைத்தாள். கோதண்டராமன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாக்காதம்மா."

"நைனா, வுடு."

"வேணாண்டா கண்ணு. நீ போன்ல பாத்தியே, அந்த மொகத்தையே வெச்சிக்க. நைனா சொல்றேன்ல."

"நாலு வருஷம் நைனா." அவ்வளவுதான் அவள் சொன்னாள். செவிலிப் பெண், எத்தனை சாவு பார்த்தவள், புடவைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மூக்கே அவளுக்குச் சொல்லியிருக்கும். கையை மெதுவாக இழுத்துக்கொண்டு கால்மாட்டுக்குப் போனாள். மஞ்சள் பூசிய பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அதில் முகத்தை வைத்துக்கொண்டாள். தூக்குகிற வரை எடுக்கவில்லை. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை, அதனால் தெரு முனையோடு அவளுக்குத் தாய் முடிந்துபோனாள்.

தங்கராஜ் பெட்டியை ஆட்டோவில் ஏற்றித் தன் ஷெட்டுக்குக் கொண்டு போனான். வீட்டில் ஜெயக்கொடி போட்ட சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கம்பெனி ஆள் வந்தான். எழிலரசன் என்று பெயர், சின்ன வயசு, முதுகில் பை. கார்டைக் கேட்டான். தங்கராஜ் எடுத்துக் கொடுத்தான். புரட்டிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், தங்கராஜின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"இன்னாண்ணே, கூப்பனோட லேமினேட் பண்ணிட்டீங்க? சர்வீஸ் ஒண்ணுகூட எடுக்கலியா?"

"நல்லாதான் ஓடிச்சி தம்பி. சீலு உடையாம அப்படியே வெச்சிருக்கேன். யாரையும் தொடவே வுடல. பாரு, முடிச்சு கூட அவுக்கல."

எழிலரசன் மஞ்சள் கயிற்றை அவிழ்த்தான். இரண்டு திருகையும் விரலாலேயே திருகினான். தட்டி கையோடு வந்துவிட்டது.

"அண்ணே, இதுக்கு சீல் கெடையாது. இத நீங்களே தொறக்கணும். பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா தொறந்து பிரஷ்ல தட்டணும்னு கார்டுலயே போட்டிருக்குது. சீலு உள்ள, அதோ, கம்ப்ரசர் மேல. அதத்தான் தொடக் கூடாது."

உள்ளே கண்டென்சர் தெரியவில்லை. சூட்டை வெளியே தள்ள வேண்டிய அந்தக் கம்பி வரிசை முழுக்கப் பூ. சருகாகிப் பொடியான சாமந்தி, கறுத்த ரோஜா இதழ், நூல், ஊதுவத்திச் சாம்பல். பத்து மாசத்துச் சாவுகள் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படிந்து, காற்று நுழைய ஊசி முனை இடமில்லாமல் அடைத்திருந்தன. எழிலரசன் தரையில் பேப்பரை விரித்து, பிரஷால் எல்லாவற்றையும் வழித்துப் போட்டான். ஒரு குவியல் சேர்ந்தது. பிறகு பிளக்கைச் செருகினான்.

மிஷின் எடுத்தது. நிற்கவில்லை. சீராக ஓடியது.

"ஒண்ணும் ஆவலண்ணே. கம்ப்ரசர் நல்லாருக்குது. சூடு வெளிய போவ வழி இல்லாம தானா ஆஃப் ஆயிருக்குது, அவ்ளோதான். சீலும் பத்திரமா இருக்குது." அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா ஒண்ணு. இந்த அடைப்பால கம்ப்ரசரே எரிஞ்சிருந்தாலும் கம்பெனில மாத்திக் குடுத்திருக்க மாட்டாங்க. காத்து அடைச்சி வர்ற ரிப்பேரு வாரண்டில வராது. சர்வீஸும் எடுக்கல. அடுத்த தபா பாத்துக்குங்க" என்றான்.

தங்கராஜ் தரையில் உட்கார்ந்தான். எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்று, இருபத்தெட்டு, இருபத்து நாலு. ஜகபர் அலி உள்ளங்கையை வைத்த இடம் அவன் கண் முன்னால் இருந்தது. அவர் கேட்டது பத்து நிமிஷம். அதற்குக் கூட வேண்டாம், இரண்டு திருகு.

ஷெட்டு வாசலில் நிழல் விழுந்தது. சுமலதா. கையில் வீட்டில் விட்டுப்போன ஸ்டெபிலைசர் ஒயரைச் சுருட்டி வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நைனா குடுத்தனுப்பிச்சாரு அண்ணே. நீங்க ராத்திரி சாப்பிடக் கூட இல்லன்னு உங்க வீட்டு அக்கா சொன்னாங்களாம். மிஷின் கெட்டுப் போனா நீங்க இன்னா பண்ணுவீங்க, உங்க மேல தப்பு இல்லன்னு சொல்லச் சொன்னாரு. ஐஸுக்கு அப்படி ஓடுனீங்களாமே."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். பெட்டி ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"ஓடுதா?"

கம்ப்ரசர் எரிந்துபோச்சு, இப்பத்தான் புதுசு மாற்றினார்கள் என்று ஒரு பொய் தங்கராஜின் நாக்கு நுனியில் இருந்தது. எழிலரசன் காட்டிக் கொடுக்க மாட்டான். கோதண்டராமனும் நம்பிவிடுவார், அவர்தான் எதையும் நம்புகிறவராயிற்றே. ஆனால் அந்தப் பெண்ணின் கையில் ஒயர் ஒழுங்காகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனால் முடியவில்லை.

"ஓடுதும்மா. கெட்டுப் போவவே இல்ல. பூ அடைச்சிக்கினு நின்னிருக்குது. பாய் தொறக்கறேன்னாரு. நான்தான் வுடல. வாரண்டி போயிடும்னு பயந்துட்டேன்." கழற்றி வைத்த தட்டியைக் காட்டினான். "பத்து நிமிஷ வேலம்மா. பத்தே நிமிஷம்."

சுமலதா அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தங்கராஜ் அவள் காலில் விழுந்திருப்பான். அவள் ஒயரைப் பெட்டியின் மேல் வைத்தாள். கண்ணாடிக்குள் பார்த்தாள், உள்ளே ஒன்றுமில்லை, வெள்ளைத் துணி விரித்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நிற்க, எண் மெல்ல மெல்ல ஒன்பதுக்கு வந்து, ஏழுக்கு வந்து, கடைசியில் மூன்றில் நின்றது.

பிறகு அவள் குனிந்து பேப்பரின் பக்கத்தில் மண்டியிட்டாள். பூக்குவியலை விரலால் கிளறினாள். எல்லாம் சருகு, எல்லாம் ஒரே நிறம்.

"இதுல எங்கம்மாவுது எது அண்ணே?"

தங்கராஜும் மண்டியிட்டு அருகே நகர்ந்து வந்தான். மேலாகப் படிந்திருந்து பிரஷில் முதலில் வந்ததைப் புரட்டிப் புரட்டித் தேடினான். இன்னும் முழுசாய்க் காயாத ஏழெட்டு ரோஜா இதழ்கள் கிடைத்தன. அவற்றைப் பொறுக்கி அவள் கையில் வைத்தான்.